மாலையில் வெல்டிங், நள்ளிரவில் கண்வலி

இரவு ஒரு மணிக்கு ஒரு தம்பியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். இரண்டு கண்களையும் திறக்க முடியவில்லை, கண்ணீர் கொட்டுகிறது. "கண்ணு முழுக்க மணல் அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு சார். ஆனா எதுவும் விழல" என்றான். மாலை நான்கு மணிவாக்கில் இரும்பு கேட்டுக்கு ஆங்கிளைப் பிடித்துக் கொடுத்திருக்கிறான். மேஸ்திரி முகத்தில் ஷீல்டு இருந்தது, இவனிடம் இல்லை. சாப்பிட்டுப் படுக்கும்வரை ஒரு தொந்தரவும் இல்லாததால் வெல்டிங் மீது அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

வெல்டிங் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் நிறைய உண்டு. கருவிழியின் மேல்தோல் அதை உறிஞ்சிக்கொள்கிறது. வெயிலில் நின்றால் தோல் பிறகு எரிவதைப் போலத்தான் இதுவும். அடிபட்ட செல்கள் உடனே உதிர்வதில்லை. பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் உதிர்கின்றன, அப்போதுதான் அடியிலுள்ள நரம்பு நுனிகள் வெளியே தெரிந்து வலி தொடங்குகிறது.

அவன் கண்ணில் மரத்துப்போகும் சொட்டு ஒன்று விட்டேன். அரை நிமிடத்தில் கண்ணைத் திறந்தான். சாயம் போட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தபோது இரண்டு கருவிழிகளிலும் பச்சைப் புள்ளிகள் பொடிப்பொடியாகத் தெரிந்தன. இமையைப் புரட்டிப் பார்த்தேன், துகள் எதுவும் இல்லை.

"அந்தச் சொட்டையே எழுதிக் கொடுங்க சார்" என்று கெஞ்சினான். கொடுக்கவில்லை. அது பரிசோதனைக்கு மட்டும். வீட்டில் திரும்பத் திரும்ப விட்டால் தோல் மூடாது, கருவிழியே கரைந்து புண்ணாகிப் பார்வை போகலாம். ஆன்டிபயாடிக் களிம்பு, கண் ஈரத்துக்கான சொட்டு, வலி மாத்திரை கொடுத்து, இருட்டறையில் ஓய்வெடுக்கச் சொன்னேன். மேல்தோல் தானாகவே வளரும். இரண்டாம் நாள் வந்தபோது கூச்சம் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

இரவில் டாக்டர் கிடைக்காவிட்டால் வழக்கமாகப் போடும் வலி மாத்திரையைப் போட்டு, மூடிய இமைமேல் குளிர்ந்த ஈரத்துணி வைக்கலாம். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிடுங்கள். கண்ணைக் கசக்க வேண்டாம். தாய்ப்பால், வெங்காயச் சாறு எதுவும் விட வேண்டாம், தோல் உரிந்த இடத்தில் கிருமி எளிதாகப் புகும். மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்குவதும் ஆபத்து.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வெல்டிங் வெளிச்சம் பெரும்பாலும் இரண்டு கண்ணையும் தாக்கும். ஒரே கண்ணில் வலி, அதுவும் கிரைண்டிங்கோ சுத்தியல் அடியோ நடந்த உடனே என்றால், இரும்புத் துகள் இருக்கலாம். அதற்கு அன்றே வர வேண்டும். பார்வை மங்கினாலும், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலும், 48 மணி நேரத்தில் குறையாவிட்டாலும் அப்படித்தான்.

ஷீல்டு யாருக்கு என்று அந்த மேஸ்திரியிடம் கேட்டேன். "பற்ற வைக்கிறவனுக்குத்தான் சார்" என்றார். பக்கத்தில் பிடித்துக் கொடுப்பவனுக்கும் கதிர் அதே கதிர்தான். இரும்பு நகராமல் இருக்க ஓரிடத்தில் சின்னதாக ஒட்டவைக்கும் 'டாக்' அடிக்கும் அந்த ஒரு நொடிக்குத்தான் பலரும் ஷீல்டைத் தூக்கிவிடுகிறார்கள். நாள் முழுக்க அப்படி நூறு டாக் அடித்தால் அத்தனையும் அன்றைய கணக்கில் சேரும்.