காய் வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்

போன மாதம் ஒரு அம்மா தன் கணவரை அழைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு வயது 58. சிறுநீரக நோய் நான்காம் நிலை, டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை. இரத்தத்தில் பொட்டாசியம் 6.1 இருந்தது. 5-ஐத் தாண்டினாலே நாங்கள் கவனிக்கத் தொடங்குவோம். 6-க்கு மேல் போனால் இதயத் துடிப்பு தடுமாறும் ஆபத்து உண்டு. உடம்பில் எந்த அறிகுறியும் தெரியாமலே அது நடக்கலாம். மருத்துவர் ஈ.சி.ஜி. பார்த்து, மருந்து கொடுத்து அளவை இறக்கிய பிறகுதான் என்னிடம் அனுப்பினார்.

"வெளிச்சாப்பாடே கிடையாது மேடம், எல்லாம் நான்தான் சமைக்கிறேன்" என்றார் அந்த அம்மா. முந்தின நாள் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். காலையில் கேழ்வரகுக் கூழ். பதினோரு மணிக்கு ஒரு இளநீர். மதியம் முருங்கைக்கீரை சாம்பார், வாழைத்தண்டுப் பொரியல். உப்புகூட, இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று, சோடியம் குறைந்த உப்பாகப் பார்த்து வாங்கியிருக்கிறார்.

இதில் எதுவும் கெட்ட உணவு இல்லை. நானே வீட்டில் சாப்பிடுபவைதான். ஆனால் அவருடைய சிறுநீரகத்தால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியவில்லை. ஒரு இளநீரிலேயே 600 மில்லிகிராமுக்கு மேல் வந்துவிடும். வாழைத்தண்டு சிறுநீரகத்துக்கு நல்லது என்பது கல் பிரச்சினையை வைத்து வந்த பேச்சு. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அது பொருந்தாது. எல்லாவற்றையும்விட என்னைப் பதறவைத்தது அந்த உப்பு. சோடியத்தைக் குறைக்க அதில் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. இவர்களுக்கு வேண்டியது சாதாரண உப்புதான், அளவைக் குறைத்துக்கொண்டு.

சரி, எதைத்தான் சமைப்பது? சுரைக்காய், பீர்க்கங்காய், முட்டைகோஸ், சௌசௌ போன்றவை நமக்குத் தோதானவை. இவற்றையும் செய்யும் விதத்தில் செய்ய வேண்டும். பொட்டாசியம் தண்ணீரில் கரைந்து இறங்கும். காயைத் தோல் சீவி, சின்னச் சின்னதாக நறுக்கி, அகலமான பாத்திரத்தில் காய் நீந்துகிற அளவுக்குத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். உருளைக்கிழங்கை இப்படிச் சின்னத் துண்டுகளாக வேகவைத்தால் ஏறக்குறைய பாதி பொட்டாசியம் போய்விடும். நறுக்கிப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள்; அதில் குறைவது சொற்பம், கொதிக்கத்தான் வேண்டும். அந்த அம்மா குக்கரில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு வேகவைத்து, சத்து வீணாகக் கூடாது என்று அந்தத் தண்ணீரையே சாம்பாரில் ஊற்றிக்கொண்டிருந்தார். கீழே கொட்டச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. சில வைட்டமின்களும் அதோடு போவது உண்மைதான். அதற்கு மருத்துவர் மாத்திரை தருவார்.

சாம்பாரை இப்படி மாற்றினோம். துவரம்பருப்பை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்துவிட வேண்டும். தனியே வேகவைத்து வடித்த சுரைக்காய், புளியும் தக்காளியும் கொஞ்சமாக. குறைந்த ருசியை ஈடுகட்டப் பெருங்காயம், வெந்தயம், காய்ந்த மிளகாய் என்று தாராளமாகத் தாளிப்பு. பருப்பின் அளவு அவரவர் புரதக் கணக்கைப் பொறுத்தது. காலையில் கூழுக்குப் பதில் இட்லி, தேங்காய்ச் சட்னிக்குப் பதில் வெங்காயச் சட்னி. மதியம் வெள்ளைச் சோறு. சிறுதானியத்தில் பொட்டாசியம், பாஸ்பரஸ் இரண்டுமே அரிசியைவிட அதிகம். பழம் வேண்டுமானால் பாதி ஆப்பிள் அல்லது ஒரு துண்டு அன்னாசி.

பாஸ்பரஸ் வேறு விதம். அது ஏறினால் உடம்பு அரிக்கும், எலும்பு பலவீனமாகும். பருப்பில் இருப்பதில் ஒரு பகுதியைத்தான் உடம்பு உறிஞ்சும். பாக்கெட் உணவில் சேர்க்கிற பாஸ்பேட்டோ பெரும்பாலும் அப்படியே இரத்தத்துக்குப் போய்விடும். கோலா பானம், பாக்கெட் சீஸ், பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றை நிறுத்துங்கள். லேபிளில் 450, 451, 452 என்ற எண்கள் இருந்தால் அது பாஸ்பேட். முட்டையில் பாஸ்பரஸ் மஞ்சள் கருவில்தான் அதிகம். வெள்ளைக் கரு நல்ல புரதம். நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் அது வேண்டாம். பாஸ்பரஸைக் கட்டும் மாத்திரை எழுதித் தந்திருந்தால் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடுங்கள்; வெறும் வயிற்றில் போட்டால் அது பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இருக்காது.

சிறுநீரக நோயாளிகள் எல்லோருக்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. நீர் மாத்திரை சாப்பிடும் சிலருக்குப் பொட்டாசியம் குறைவாகவே இருக்கும். அவர்கள் காயை வடித்துச் சாப்பிட்டால் இன்னும் இறங்கிவிடும். சமையலை மாற்றும் முன் கடைசி இரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்து, அந்த எண்ணை உங்கள் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

மூன்று வாரம் கழித்து அவருக்கு 4.9 இருந்தது. சாம்பார் எப்படி என்று கேட்டேன். "தாளிச்ச வாசனைக்கே ரெண்டு கரண்டி சோறு கூடப் போகுது" என்றார்.