கெடுதலைக் கேட்காத கேள்வி: ஒருபக்கச் சோதனையும் இருபக்கச் சோதனையும்

மாரடைப்பிலிருந்து மீண்ட சிலருக்கு இதயத்தின் கீழறைகளில் அவ்வப்போது ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வரும். அப்படி அடிக்கடி வருபவர்கள் திடீரென இறந்துபோகும் வாய்ப்பு அதிகம் என்பது 1980-களில் நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த முந்துதுடிப்புகளை அடக்க என்கைனைடு, ஃபிளெகைனைடு என்ற மருந்துகள் இருந்தன. துடிப்பு அடங்கினால் மரணமும் குறையும் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். அதைச் சரிபார்க்க அமெரிக்காவில் 1987-இல் தொடங்கிய ஆய்வின் சுருக்கப் பெயர் 'காஸ்ட்'. ஒரு பாதிப் பேருக்கு மருந்து, மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவானது.

இந்த ஆய்வின் கருதுகோள்களை எழுதிப் பார்ப்போம். மருந்து எடுப்பவர்களில் இறப்போரின் விகிதம் p₁, வெற்று மாத்திரை எடுப்பவர்களில் p₂. இவை ஆய்வில் சேர்ந்த சில நூறு பேரின் விகிதங்கள் அல்ல. இப்படிப்பட்ட நோயாளிகள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கக்கூடிய, நம் கண்ணுக்குத் தெரியாத உண்மை விகிதங்கள். மாணவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. கையில் உள்ள மாதிரியில் என்ன விகிதம் என்று எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதற்குக் கருதுகோள் எதற்கு?

இன்மைக் கருதுகோள் 'வித்தியாசம் இல்லை' என்கிறது:

H₀: p₁ = p₂

யாரும் இதை நம்பியாக வேண்டும் என்றில்லை. கணக்குப் போட வசதியான இடம் இதுதான், அவ்வளவே. இரண்டும் சமம் என்று வைத்துக்கொண்டால், குலுக்கலின் விளையாட்டால் மட்டும் இரு குழுக்களுக்கு இடையே எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம். 'சமமில்லை' என்று மட்டும் சொன்னால், எவ்வளவு சமமில்லை என்ற கேள்வி வந்து நிற்கும்; கணக்கு நகராது.

அப்புறம் மாற்றுக் கருதுகோள். இங்கேதான் எழுதுபவரின் கை விளையாடுகிறது. இரண்டு விதமாக எழுதலாம்.

ஒருபக்கம்: H₁: p₁ < p₂
இருபக்கம்: H₁: p₁ ≠ p₂

முதலாவது, மருந்து மரணத்தைக் குறைக்கிறதா என்று மட்டும் கேட்கிறது. இரண்டாவது, குறைக்கிறதா அல்லது கூட்டுகிறதா என்று கேட்கிறது. காஸ்ட் ஆய்வு முதலில் ஒருபக்கச் சோதனையாகத்தான் திட்டமிடப்பட்டது. துடிப்பை அடக்கும் மருந்து ஆளைக் கொல்லும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? ஆனால் ஆய்வைக் கண்காணிக்க அமைந்த தனிக் குழு, முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே இதை மாற்றியது. வித்தியாசமே இல்லாதபோது 'மருந்து நன்மை செய்கிறது' என்று தவறாக முடிவுகட்ட அனுமதிக்கும் வாய்ப்பை 0.05-இலிருந்து 0.025-ஆக இறுக்கி, கெடுதலுக்கும் ஓர் எல்லைக்கோடு போட்டது.

1989 ஏப்ரலில் இந்த இரண்டு மருந்துகளும் நிறுத்தப்பட்டன. இறுதிக் கணக்கு 1991-இல் வெளியானது. சராசரியாகப் பத்து மாதக் கண்காணிப்பில், மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேர். அதாவது 8.3 சதவீதம், 3.5 சதவீதம்.

இந்த எண்களை இரண்டு சோதனைகளிலும் போட்டுப் பார்க்கலாம். (கண்காணிப்புக் குழு நடுவில் பலமுறை எட்டிப் பார்ப்பதையும் கணக்கில் சேர்க்கும் முறையைக் கையாண்டது. நான் போடுவது எளிய பாடப்புத்தகக் கணக்கு.) H₀ சரி என்றால் இரு குழுக்களையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாம்: 1,498 பேரில் 89 மரணம், 5.94 சதவீதம். இந்த அளவுள்ள குழுக்களில் தற்செயலால் வரும் வித்தியாசத்தின் திட்டப்பிழை:

√(0.0594 × 0.9406 × (1/755 + 1/743)) ≈ 0.0122

கண்ட வித்தியாசம் 0.0834 − 0.0350 = 0.0484. இதைத் திட்டப்பிழையால் வகுத்தால் z ஏறக்குறைய 3.97. அதாவது, தற்செயலின் வழக்கமான வீச்சைப் போல நான்கு மடங்கு.

இருபக்கச் சோதனை கேட்பது இது: உண்மையில் வித்தியாசமே இல்லாதபோது, எந்தத் திசையிலாவது இவ்வளவு பெரிய விலகல் வர எவ்வளவு வாய்ப்பு? இந்த வாய்ப்புக்குத்தான் பி-மதிப்பு என்று பெயர். விடை சுமார் 0.00007; ஒரு லட்சத்தில் ஏழு. H₀ போய்விட்டது, மருந்து மரணத்தைக் கூட்டுகிறது.

p₁ < p₂ என்ற ஒருபக்கச் சோதனையில் அதே எண்களுக்கு பி-மதிப்பு 0.99996. 'H₀-ஐ நிராகரிக்க ஆதாரம் இல்லை' என்று அது முடிக்கும். பிழையான கணக்கு அல்ல. கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான். மருந்து உதவவில்லை என்பதும், மருந்து ஆளைக் கொல்கிறது என்பதும் அந்தச் சோதனைக்கு ஒன்றே. கண்ணால் எண்களைப் பார்ப்பவர் பதறலாம். ஆனால் அந்தப் பதற்றத்துக்கு அளவுகோலை முன்கூட்டியே அவர் எழுதி வைக்கவில்லை.

அப்படியானால் ஒருபக்கச் சோதனையை ஏன் விரும்புகிறார்கள்? மலிவு. இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் ஐந்து சதவீதப் பிழையை இரண்டு பக்கமும் பங்கிட்டால் z 1.96-ஐத் தாண்ட வேண்டும். மொத்தத்தையும் ஒரே பக்கத்தில் வைத்தால் 1.645 போதும். உண்மையான விளைவை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஆய்வுக்குத் தேவையான ஆட்களில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகிறது. பெரிய ஆய்வில் அது சிறிய தொகை அல்ல.

முன்பே எழுதி வைத்தால் இந்தச் சேமிப்பு நேர்மையானதுதான். தரவைப் பார்த்த பிறகு, வித்தியாசம் எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கத்துக்கு H₁ எழுதுவது வேறு கதை. இடப்பக்கம் விழுந்தாலும் வலப்பக்கம் விழுந்தாலும் 1.645 என்ற எளிய கோட்டைத் தாண்டினால் போதும் என்று ஆகிவிடுகிறது. ஐந்து சதவீதம் என்று காகிதத்தில் இருக்கும். உண்மையான பிழை பத்து.

எனக்குப் பிடித்த சோதனைக் கேள்வி ஒன்று உண்டு: எதிர்த்திசையில் பெரிய விலகல் வந்தால் என்ன செய்வீர்கள்? 'அசராமல், விளைவே இல்லை என்பதுபோல நடந்துகொள்வேன்' என்று உண்மையாகச் சொல்ல முடிந்தால் ஒருபக்கம் போதும். 'ஐயோ, அதைப் பற்றியும் எழுதுவேன்' என்றால் இருபக்கம்தான். மருந்தைப் பொறுத்தவரை முதல் பதிலைச் சொல்லக்கூடியவர் அபூர்வம்.

இருந்தாலும் கேள்வியே இயல்பாக ஒரு திசையில் இருக்கும் இடங்கள் உண்டு. பழைய மருந்தைவிட மலிவான புதிய மருந்து 'பெரிதாக மோசமில்லை' என்று காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைவை d என்று முன்பே தீர்மானிக்கிறார்கள். இங்கே H₀ 'வித்தியாசம் இல்லை' என்பதல்ல. 'புதியது d அளவு அல்லது அதற்கும் மேல் மோசம்' என்பது. மோசமில்லை என்று நிரூபிக்கும் சுமை H₁ மீது விழுகிறது. H₀-வில் சமக்குறிக்குப் பதில் ஒரு வீச்சு இருந்தாலும் கணக்கை அதன் விளிம்பில், சரியாக d-இல் வைத்துப் போடுவார்கள். அங்கே பிழை கட்டுக்குள் இருந்தால் அதற்கு அப்பாலும் இருக்கும். மருந்தாய்வுகளுக்கான சர்வதேச வழிகாட்டியான ஐசிஎச் இ9 (1998), ஒருபக்கச் சோதனைக்கு வழக்கமான பிழையில் பாதியை, அதாவது 0.025-ஐ வைக்கச் சொல்கிறது. அப்போது கோடு மீண்டும் 1.96-க்கே வந்துவிடும், பக்கத்தைக் குறைத்து லாபம் பார்க்க வழியில்லை.

ஒரு கட்டுரையில் சோதனை எந்தப் பக்கம் என்று சொல்லாமல் விட்டிருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். பி-மதிப்பு 0.04 என்றிருக்கும், பக்கத்திலேயே, உண்மை வித்தியாசம் எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்று மதிப்பிடும் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி பூஜ்யத்தைத் தாண்டி இரு புறமும் நீண்டிருக்கும். இருபக்கக் கணக்காக இருந்தால் பொதுவாக இரண்டும் ஒத்துப்போக வேண்டும். z 1.75-ஆக இருந்து ஒருபக்கமாகக் கணக்கிட்டிருந்தால் இப்படித்தான் வரும். இருபக்கமாகப் போட்டால் அது 0.08. அடுத்து, ஆய்வு தொடங்கும் முன் பதிவுசெய்த திட்டத்தில் H₁ எப்படி எழுதியிருந்தது என்று தேடிப் பார்க்க வேண்டியதுதான்.