சூயிங்கம் மென்றதால் 11 கிலோ குறைந்த பெண்

2008ஆம் ஆண்டு ஜெர்மனி மருத்துவர்கள் ஒரு வினோதமான நோயாளியைப் பற்றி மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். அவர் 21 வயதுப் பெண். பெர்லின் நகரின் ஷரிட்டே மருத்துவமனைக்கு வந்தபோது எட்டு மாதமாக வயிற்றுப்போக்கு. ஒரு நாளைக்கு நான்கு முதல் பன்னிரண்டு முறை. உடல் எடை 11 கிலோ குறைந்திருந்தது. எந்தப் பரிசோதனையிலும் காரணம் பிடிபடவில்லை. கடைசியில் அவருடைய சாப்பாட்டுப் பழக்கத்தைத் துருவித் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது. சர்க்கரை இல்லாத சூயிங்கத்தை நாள்தோறும் பதினைந்துக்கு மேல் மென்றுவந்தார். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 1.25 கிராம் சார்பிட்டால் என்ற இனிப்பூட்டி. நாளொன்றுக்கு மொத்தம் 18 முதல் 20 கிராம்.

இருபது கிராம் என்பது நான்கைந்து தேக்கரண்டி. அவ்வளவு சிறிய அளவு குடலை இந்தப் பாடு படுத்துமா?

குளுக்கோஸ் சிறுகுடலுக்கு வந்ததும், அதைப் பிடித்து உள்ளே இழுப்பதற்கென்றே குடல் சுவரில் புரதங்கள் இருக்கின்றன. சார்பிட்டாலுக்கு அப்படி எந்தப் புரதமும் கிடையாது. குடல் சுவரின் ஊடே தானாகக் கசிந்து எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவுதான். அது மெதுவாகவே நடக்கிறது; உணவோ நகர்ந்துகொண்டே இருக்கிறது. எனவே பெரும்பகுதி குடலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

அரிந்த வெள்ளரிக்காயில் உப்பைத் தூவினால் சற்று நேரத்தில் தட்டில் நீர் கோத்துக்கொள்கிறதல்லவா? சிறுகுடலிலும் அதே விதிதான் செயல்படுகிறது. குடலின் உள்ளே இருக்கும் திரவம் இரத்தத்தைவிடச் செறிவாக இருந்தால், இரண்டும் சமமாகும்வரை உடலிலிருந்து நீர் குடலுக்குள் இறங்கும். கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு மோல் சார்பிட்டாலின் எடை 182 கிராம். ஆகவே 20 கிராமில் 110 மில்லிமோல் இருக்கிறது. இரத்தத்தின் செறிவு லிட்டருக்குச் சுமார் 290 மில்லிமோல். எனவே கொஞ்சமும் உறிஞ்சப்படாவிட்டால், அந்த 20 கிராம் ஏறத்தாழ 380 மில்லிலிட்டர் நீரைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு பெரிய டம்ளருக்கும் அதிகம்.

இந்த நீரோடு சார்பிட்டால் பெருங்குடலைச் சென்றடைகிறது. அங்கே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைக்கின்றன. ஹைட்ரஜனும் கரியமில வாயுவும், சிலருக்கு மீத்தேனும் உண்டாகின்றன. வயிறு உப்புவதும் கடமுடவென்று சத்தம் போடுவதும் இதனால்தான். ஆனால் பாக்டீரியாக்கள் நமக்கு ஓர் உதவியும் செய்கின்றன. நொதித்தலில் உருவாகும் சிறிய கொழுப்பு அமிலங்களைப் பெருங்குடல் உறிஞ்சிக்கொள்கிறது. அவற்றோடு நீரும் திரும்பிப் போகிறது. இதனால்தான் கொஞ்சம் சாப்பிட்டவருக்கு வாயுத் தொல்லை மட்டும் வருகிறது. பாக்டீரியாக்களும் பெருங்குடலும் சமாளிக்கும் எல்லையை அளவு தாண்டும்போதுதான் மலம் நீர்த்துப் போகிறது. சிலருக்கு 10 கிராமிலேயே வாயுவும் உப்புசமும் தொடங்கிவிடும். எல்லை ஆளுக்கு ஆள் மாறும்.

பெர்லின் மருத்துவர்கள் இதை ஊகத்தோடு விட்டுவிடவில்லை. மலத்தின் நீரில் சோடியம், பொட்டாசியம் அளவுகளைக் கூட்டி, இரண்டால் பெருக்கி, 290இலிருந்து கழிக்கும் கணக்கு ஒன்று உண்டு. கிருமியின் நச்சால் வரும் பேதியில் குடலே உப்பையும் நீரையும் சுரக்கிறது. அப்போது மிச்சம் 50க்குள் நிற்கும். இந்தப் பெண்ணுக்கு மிச்சம் அதைவிட மிக அதிகமாக இருந்தது. அதாவது நீரைப் பிடித்து வைத்திருந்தது உப்பு அல்ல, உறிஞ்சப்படாத வேறு ஏதோ ஒன்று. சார்பிட்டால் உள்ளவற்றை அவர் நிறுத்தினார். பேதி நின்றது, எடையும் ஏறியது. எனக்கு இந்தக் கணக்கின் எளிமை மிகவும் பிடித்திருக்கிறது: இரண்டே உப்புகளை அளந்து, கண்ணில் படாத மூன்றாவது பொருளைப் பிடித்துவிடுகிறார்கள்.

சைலிட்டால் என்ற இன்னொரு இனிப்பூட்டியும் இதே வழியில்தான் தொல்லை தருகிறது, ஆனால் பெரும்பாலோர் அதைச் சார்பிட்டாலைவிடச் சற்று அதிகம் தாங்குவார்கள். எரித்ரிட்டால் என்ற இனிப்பூட்டியின் மூலக்கூறு இன்னும் சிறியது. பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு, மாற்றமின்றிச் சிறுநீரில் போய்விடும். அதனால் பெருங்குடலுக்கு அதிகம் மிஞ்சுவதில்லை.

நம் ஊரில் இதைக் கவனிக்க வேண்டியவர்கள் நீரிழிவு உள்ளவர்கள். 'சர்க்கரை இல்லாதது' என்ற பிஸ்கெட்டிலும் சாக்லேட்டிலும் சார்பிட்டாலோ, அதே வகையைச் சேர்ந்த மால்டிட்டாலோ, சைலிட்டாலோ இருக்கலாம். பொட்டலத்தில் 420, 965, 967 என்ற எண்களாகவும் அவை எழுதப்பட்டிருக்கும். பல இருமல் மருந்துகளிலும் சார்பிட்டால் உண்டு. நீரிழிவுக்குத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையும் சிலருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். அதனால் பழி மாத்திரைமேல் விழுந்து, மருத்துவரைக் கேட்காமலேயே அதை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாத்திரையைத் தொடாமல், முதலில் அந்த இனிப்புகளைச் சில நாள் விட்டுப் பாருங்கள். அவைதான் காரணம் என்றால் ஓரிரு நாளிலேயே மலம் இறுகத் தொடங்கும். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் பேதி, மலத்தில் இரத்தம், காய்ச்சல் ஆகியவை சார்பிட்டாலின் வேலை அல்ல. அவற்றுக்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.