போன் திருட்டும் வங்கிப் பணமும்: வங்கி கேட்கும் இரண்டு கேள்விகள்

நீங்கள் அனுமதிக்காமல் கணக்கிலிருந்து போன பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை பல நாடுகளின் வங்கி விதிகளில் இருக்கிறது. ஆனால் மனு கொடுத்ததும் வங்கி இரண்டு கேள்விகளைக் கேட்கும். எப்போது தகவல் சொன்னீர்கள்? உங்கள் பக்கம் கவனக்குறைவு உண்டா? பல மனுக்கள் சிக்குவது இரண்டாவது கேள்வியில்தான்.

திரைப் பூட்டு போட்டிருந்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது. திருடனுக்குப் பூட்டைத் திறக்கும் அவசியமே இல்லை. பூட்டிய திரையிலேயே ஓடிபி குறுஞ்செய்தி தெரிந்தால் அதைப் படித்துக்கொள்வான். தெரியாவிட்டால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுவான், ஓடிபி அங்கே வரும். அதனால் இரண்டு வேலைகளை இன்றே முடியுங்கள். ஐபோனில் Settings, Notifications, Show Previews என்று போய் When Unlocked என மாற்றுங்கள். ஆண்ட்ராய்டில், பூட்டிய திரையில் அறிவிப்பின் உள்ளடக்கத்தை மறைக்கும் வசதி அறிவிப்பு அமைப்புகளில் இருக்கும். அடுத்து சிம்முக்கு பின் எண் வையுங்கள். அதற்கு முன் நிறுவனம் முதலில் கொடுத்த பின் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். ஊகித்துப் போட்டு 3 முறை தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும், பிறகு சிம் நிறுவனம் தரும் PUK என்ற திறப்பு எண் இல்லாமல் திறக்காது. அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள். வங்கி பின் எண்ணை மட்டும் போனின் குறிப்பேட்டிலோ, தொடர்பு எண் போல வேஷம் போட்டோ சேமிக்காதீர்கள். மனுவை நிராகரிக்க வங்கிக்கு அது ஒன்றே காரணமாகிவிடலாம்.

'செயலியைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடங்கும்' என்று லிங்க்கோ, செயலியை நிறுவும் APK கோப்போ வந்தால் தொடாதீர்கள். புதுப்பிப்பு போனின் செயலிக் கடையில் மட்டும்தான். போனின் பாதுகாப்புப் புதுப்பிப்பையும் தள்ளிப்போடாதீர்கள். பழைய ஓட்டைகள் வழியாகவும் உளவுச் செயலிகள் நுழையலாம்.

பொது வைஃபையில் வங்கிச் செயலியின் தகவல் மறையாக்கம் செய்யப்பட்டே போகும். ஆபத்து வேறு இடத்தில். அதே பெயரில் ஒருவர் போலி வைஃபை வைத்து, உள்நுழைவுப் பக்கம் போலக் காட்டி விவரம் கேட்கலாம். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் நம்பகமில்லை என்ற எச்சரிக்கை வந்தால் 'தொடர்க' அழுத்தாமல் வெளியேறுங்கள். தானாக இணையும் வசதியை அணைத்துவிட்டு, பணப் பரிமாற்றத்துக்கு மொபைல் டேட்டாவைப் பயன்படுத்துங்கள்.

இனி முதல் கேள்வி. இரவு 8 மணிக்குப் போன் திருட்டு, 8.25க்கு ஒரு பரிமாற்றம்; 8.40க்கு நீங்கள் வங்கிக்குச் சொல்கிறீர்கள், 9.10க்கு இன்னொன்று. 8.40க்குப் பிந்தைய இழப்பு பொதுவாக வங்கியின் பொறுப்பு. 8.25க்குப் போனதுதான் வாக்குவாதமாகும். ஆகவே கிளை திறக்கட்டும் என்று காலைவரை காத்திருக்காதீர்கள். வேறு போனிலிருந்து முதலில் வங்கியின் 24 மணி நேர எண், அடுத்து சிம் நிறுவனம், பிறகு காவல்துறை. வங்கி காவல் நிலையத்துக்குப் போகச் சொல்லும், காவல் நிலையம் வங்கிக்குப் போகச் சொல்லும். எங்கே போனாலும் புகார் எண்ணும் பதிவான நேரமும் எழுத்தில் வாங்காமல் நகராதீர்கள். தொலைபேசியில் சொன்னதை அன்றே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.