கானல் நீர் 190 மீட்டர் தள்ளியே நிற்பது ஏன்?

மதுரையிலிருந்து திருநெல்வேலி போகும் நான்குவழிச் சாலையில் சித்திரை மாதத்து மத்தியானம். தூரத்தில் தண்ணீர் தேங்கியிருப்பதுபோல் தெரிகிறது. எதிரே வரும் லாரியின் நிழலுருவம்கூட அதில் தலைகீழாக ஆடுகிறது. கிட்டே போனால் தார் காய்ந்து கிடக்கிறது, தண்ணீர் இன்னும் தள்ளிப் போய்விடுகிறது. பழந்தமிழில் இதற்குப் பேய்த்தேர் என்று ஒரு பெயர் உண்டு. ஓட்டிப் பார்த்தவர் யாரோதான் வைத்திருக்க வேண்டும்!

இதைக் கண்ணின் மயக்கம் என்றும் மூளையின் குழப்பம் என்றும் பலர் சொல்வது தவறு. செல்போன் கேமராவிலும் இது அப்படியே பதிவாகும். அந்தத் திசையிலிருந்து நிஜமாகவே ஒளி வருகிறது. தண்ணீரிலிருந்து வரவில்லை, அடிவானத்தை ஒட்டிய வானத்திலிருந்து வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நல்ல வெயிலில் தார் 60 டிகிரி செல்சியஸ்வரை சுடும். நம் கண் மட்டத்தில் காற்று 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இந்த 25 டிகிரி வித்தியாசத்தின் பெரும்பகுதி தாரை ஒட்டிய மெல்லிய அடுக்குக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதில் ஒளி கொஞ்சம் வேகமாகப் போகும். வானத்திலிருந்து சாலையை உரசுவதுபோல் சாய்ந்து வரும் ஒளியின் கீழ்ப்பக்கம் இந்த அடுக்கில் முந்திக்கொள்ள, ஒளி மெல்ல மேல்நோக்கி வளைந்து நம் கண்ணுக்கு வந்து சேர்கிறது. கண்ணுக்கு அந்த வளைவு தெரியாது. ஒளி வந்த திசையில் நேர்கோடாகச் சாலையை நோக்கிப் பார்க்கிறது, அங்கே வானத்தின் ஒரு துண்டு கிடக்கிறது. தரையில் வானம் பளபளத்தால் அது தண்ணீர் என்றுதான் நமக்குப் பழக்கம். சூடான காற்று குமிழ் குமிழாக மேலெழுவதால் அந்த உருவம் நடுங்குகிறது. அதையே அலை என்று எடுத்துக்கொள்கிறோம். 1798-ல் நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்போடு போன கஸ்பார் மோன்ஜ் என்ற கணித அறிஞர், பாலைவனத்தில் சிப்பாய்களை ஏய்த்த ‘ஏரி’களுக்கு ஒளிவிலகலை வைத்து விளக்கம் தந்தார்.

பள்ளிப் பாடத்தில் முழு அக எதிரொளிப்பு என்று படித்திருப்போம். கணக்குக்கு அது போதும். ஆனால் காற்றில் கண்ணாடிபோல ஒரு தளம் எதுவும் கிடையாது, ஒளி படிப்படியாகத்தான் வளைகிறது.

இனி அந்தக் கணக்கு. 35 டிகிரிக் காற்றுக்கும் 60 டிகிரிக் காற்றுக்கும் ஒளிவிலகல் எண்ணில் உள்ள வித்தியாசம் வெறும் 0.00002 அளவு. இவ்வளவு சின்ன வித்தியாசத்தால் ஒளியைப் பெரிதாகத் திருப்ப முடியாது. சாலையோடு ஏறத்தாழ 0.36 டிகிரிக்கும் குறைவான கோணத்தில் வரும் ஒளி மட்டுமே திரும்பும். கார் ஓட்டுபவரின் கண் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால், அந்தக் கோணம் அமையும் இடம் சுமார் 190 மீட்டர் முன்னால் வரும். அதற்கு இந்தப் பக்கம் வெறும் தார்தான் தெரியும், அந்தப் பக்கம் ‘தண்ணீர்’. கோணம் மாறாததால், நாம் 10 மீட்டர் முன்னேறினால் தண்ணீரும் 10 மீட்டர் பின்வாங்கும். லாரி கேபினில் 2.4 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது சுமார் 380 மீட்டருக்கு அப்பால்தான் தொடங்கும். சாலையோரம் குனிந்து பார்த்தால் கிட்டே வரும்.

காற்று அவ்வளவாகச் சுடாத நாளிலும், வெயில் அடித்தால் இது தெரியும். காற்று எத்தனை டிகிரி என்பதைவிட, தாருக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். எதிரே சாலை லேசாக ஏறத் தொடங்கினால், பார்வைக் கோணம் கூடிக் கானல் மறைந்துவிடும். மேட்டின் முதுகை நெருங்கும்போது கோணம் குறைவதால், வழக்கத்தைவிடக் கிட்டத்தில் தோன்றும். இந்த இடத்தில் ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டுவிடலாம், பின்னால் வருபவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அது நிஜத் தண்ணீரா, கொட்டிய ஆயிலா என்று சந்தேகம் வந்தால் கிலோமீட்டர் கல்லையோ மரத்தையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அடையாளத்தோடு ஒட்டியே நின்றால் நிஜம், அதைத் தாண்டி நழுவினால் கானல். சமதளத்தில் காரின் முன் 100 மீட்டருக்குள் ஈரம் தெரிந்தால், பெரும்பாலும் அது நிஜ ஈரமே. முன்னால் போகும் வண்டியின் டயர் தெறிக்கிறதா என்றும் பாருங்கள்.

எதிரே வரும் வண்டிதான் இன்னொரு சிக்கல். அதன் டயரும் தலைகீழ் உருவமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஹெட்லைட் மேலும் கீழுமாக இரண்டாகத் தெரியும். வண்டி தரையில் எங்கே நிற்கிறது என்று பிடிபடாததால் தூரத்தைக் கணிப்பது சிரமம். இருவழிச் சாலையில் ஓவர்டேக் செய்ய நினைப்பவர், எதிர் வண்டி தன்னைக் கடந்து போகும்வரை காத்திருக்க வேண்டும்.

சாலைக்குப் போகாமலேயே இதைப் பார்க்கலாம். வெயில் நேராக விழும் 15 மீட்டர் நீளக் காம்பவுண்டுச் சுவரில் கன்னத்தை ஒட்டினாற்போல் வைத்து, சுவரின் நீளவாக்கில் பாருங்கள். மறுமுனையில் ஒருவர் சாவிக்கொத்தைச் சுவரின் அருகே மெல்லக் கொண்டுவரட்டும். சுவருக்குள்ளிருந்து இன்னொரு சாவிக்கொத்து அதைத் தொட வரும்.