பலகையில் 120, கிளாஸ்ரூமில் 40

கோவையில் ஒரு ஓட்டலின் விருந்துக் கூடப் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். ஹால் புக் செய்ய வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் சொல்வது தலைக்கணக்கைத்தான். போன மாதம் ஒரு நிறுவனத்தின் பயிற்சிப் பொறுப்பாளர் போனில் அப்படித்தான் கேட்டார்: “சார், நாங்க அறுபது பேர்தான். உங்க சின்ன ஹால்ல நூத்தி இருபது பேர் உக்காரலாம்னு பலகையில போட்டிருக்கே, தாராளமா போதும்ல?”

நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். “மேடம், வர்றவங்க கேக்க மட்டும் போறாங்களா, லேப்டாப் வெச்சு வேலை பாக்கப் போறாங்களா?”

புதிய கணக்கு மென்பொருளுக்கான பயிற்சி அது. ஆளுக்கொரு லேப்டாப். அப்படியானால் பலகையில் உள்ள 120 அவருக்குப் பொருந்தாது. அது தியேட்டர் முறைக்கான எண், அதாவது மேசையே இல்லாமல் நாற்காலிகளை மட்டும் வரிசையாகப் போட்டால் வருவது. அதிலும் ஓரத்து நடைபாதைகளை அடைத்தால்தான் 120 வரும்.

அந்த ஹால் 40 அடி நீளம், 30 அடி அகலம். முன்னால் ஸ்கிரீனுக்கும் பேச்சாளருக்கும் 8 அடி, பின்னால் பதிவு மேசைக்கும் வாசலுக்கும் 5 அடி விட்டால், உட்கார மிஞ்சுவது 27 அடி. தியேட்டர் முறையில் ஒரு வரிசைக்கு 3 அடி வேண்டும். நடுவில் 4 அடியும் இரண்டு ஓரங்களில் 3 அடியும் நடக்க விட்டால், வரிசைக்கு 12 நாற்காலி, 9 வரிசை, மொத்தம் 108 பேர். ஆண்டு விழா உரை, புதுப் பொருள் அறிமுகம் என்று கேட்டுவிட்டு எழுந்து போகிற நிகழ்ச்சிக்கு இது போதும். மடியில் நோட்டை வைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் எழுதச் சொன்னால் ஆட்கள் நெளிய ஆரம்பித்துவிடுவார்கள்.

கிளாஸ்ரூம் முறையில் 6 அடி நீளம், ஒன்றரை அடி அகல மேசைகள் போடுவோம். மேசைக்கு ஒன்றரை, நாற்காலிக்கும் பின்னால் போய்வரவும் மூன்றரை என்று ஒரு வரிசை 5 அடி தின்றுவிடும். 27 அடியில் ஐந்து வரிசைதான். நடுப்பாதைக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என வரிசைக்கு நான்கு மேசை. மேசைக்கு இருவர் என்றால் 40 பேர், மூவர் என்றால் 60.

“அப்ப மூணு மூணு பேரா போட்டுடுங்க” என்றார். நேரில் வரச் சொன்னேன். ஒரே ஒரு மேசையைப் போட்டு, எங்கள் பையன்கள் இருவரை இரண்டு பக்கமும் உட்கார வைத்து, நடு நாற்காலியில் அவரை உட்காரச் சொல்லி லேப்டாப்பைத் திறக்கச் சொன்னேன். ஆளுக்கு 2 அடி. மவுஸை நகர்த்தியதும் முழங்கை பக்கத்து ஆளின் கையில் இடித்தது. தண்ணீர் பாட்டிலை வைக்க இடம் தேடி, கடைசியில் கீழே வைத்தார். வேறெதுவும் நான் சொல்லத் தேவைப்படவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. எங்கள் ஸ்கிரீன் நாலரை அடி உயரம். எழுத்தைப் படித்துப் பின்தொடர வேண்டிய பாடம் என்றால், கடைசி ஆள் ஸ்கிரீன் உயரத்தைப் போல் ஆறு மடங்குக்குள், அதாவது 27 அடிக்குள் இருக்க வேண்டும் என்பது நாங்கள் பார்க்கும் கணக்கு. ஐந்தாவது வரிசை 30 அடியைத் தொட்டுவிடும். அங்கே உட்காருகிறவருக்குக் கணக்குக் கட்டங்களில் உள்ள எண்கள் தெரியாது. பக்கத்து ஆளின் லேப்டாப்பை எட்டிப் பார்ப்பார்.

ஆகவே இரண்டு நாள், நாளுக்கு 30 பேர் என்று பிரித்தோம். நான்கு வரிசை, மேசைக்கு இருவர், 32 இடம். மிச்சமான இரண்டு இடத்தில் சந்தேகம் தீர்க்க வந்த உதவியாளர்கள் உட்கார்ந்தார்கள். பின்னால் மிஞ்சிய இடத்துக்கு டீ மேசை போய்விட்டது. ஒவ்வொரு வரிசைக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொடுத்து, வயரைத் தரையோடு டேப் ஒட்டினோம். நடைபாதையில் வயர் கிடந்தால் யாராவது தடுக்கி விழுவார்கள்.

பயிற்சி முடிந்ததும் அதே நிறுவனத்தின் கிளை மேலாளர்கள் 18 பேருக்கு ஒரு கலந்துரையாடல் வைத்தார்கள். அதற்கு யூ-ஷேப் போட்டோம்: பக்கத்துக்கு மூன்று மேசை, அடியில் மூன்று மேசை, வெளிப்பக்கம் மட்டும் நாற்காலி. 108 பேர் உட்காரும் ஹாலில் இந்த முறைக்கு 22 பேர்தான் எல்லை. நடுவில் பெரிய வெற்றிடம் கிடக்கிறதே என்று சிலர் வருத்தப்படுவார்கள், ஆனால் பேசுகிறவர் உள்ளே நடந்து ஒவ்வொருவர் முன்னும் போய் நிற்பதற்கும், எதிரெதிரே முகம் பார்ப்பதற்கும் அந்த வெற்றிடம்தான் வழி.

ஆள் கூடக் கூட யூவின் கால்கள் நீளும். அப்போது ஒரே காலில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் முன்னால் குனிந்து எட்டிப் பார்ப்பார்கள், முனையில் இருப்பவர்கள் தங்களுக்குள் தனியாகப் பேச ஆரம்பிப்பார்கள். எந்த ஹாலாக இருந்தாலும் 25 பேரைத் தாண்டி யூ-ஷேப் கேட்டால், ஐந்தைந்து பேராக வட்ட மேசைகளில் உட்கார வைக்கலாமா என்று நான் கேட்டுவிடுவேன். அப்போதும் ஸ்கிரீனுக்கு முதுகு காட்டும் பக்கத்தில் நாற்காலி போடமாட்டோம்.