மந்தண அறிக்கை: சொல் விளக்கம்

அரசு அலுவலகங்களில் "சி.ஆர்." என்ற இரண்டெழுத்தைக் கேட்டாலே குரல் தாழ்ந்துவிடும். கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட் என்பதன் சுருக்கம் அது. ஓர் அலுவலரின் ஓராண்டுப் பணியைப் பற்றி மேலதிகாரி எழுதிவைக்கும் குறிப்பு. பதவி உயர்வு பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமையும். ஆட்சித் தமிழில் அதற்கு "மந்தண அறிக்கை" என்ற பெயர் உண்டு. பேச்சிலும் செய்தித்தாளிலும் "இரகசியக் குறிப்பு" என்பார்கள்.

கான்ஃபிடென்ஷியல் என்ற சொல்லின் இலத்தீன் வேருக்குப் பொருள் நம்பிக்கை. நம்பிக்கைக்குரியவரிடம் மட்டும் சொல்வது என்பதிலிருந்தே மறைவு என்ற பொருள் அதற்கு வந்து சேர்ந்தது. ஆலோசனையைக் குறிக்கும் மந்த்ரண என்ற வடசொல்லோடு மந்தணத்தை அகராதி தொடர்புபடுத்துகிறது. இரகசியத்தின் வேரோ தனிமை. தமிழுக்கு வந்தபோது நம்பிக்கை உதிர்ந்துபோய் மறைவு மட்டுமே தங்கிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவரிடமிருந்தே மறைக்கப்பட்ட ஒரு தாளுக்கு அந்தப் பெயர் பொருந்தவும் செய்தது.

அந்த மறைவால் விளைந்ததைத் தேவ் தத் வழக்கில் காணலாம். எல்லைச் சாலைகள் பொறியியல் பணியில் செயற்பொறியாளராக இருந்த அவர், கண்காணிப்புப் பொறியாளராக உயர வேண்டுமானால் முந்தைய ஐந்து ஆண்டுகளிலும் "மிக நன்று" என்ற தரம் பெற்றிருக்க வேண்டும். 1993–94ஆம் ஆண்டுக்கு மட்டும் அவருக்கு "நன்று" என்று எழுதப்பட்டிருந்தது. அது அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. பாதகமான குறிப்புகளைத் தெரிவித்தால் போதும், "நன்று" பாதகமல்லவே என்பது அரசின் வாதம். 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: தேவைப்படும் தரம் "மிக நன்று" என்றிருக்கும்போது "நன்று" என்பதே பதவி உயர்வைத் தடுக்கும் பாதகக் குறிப்பாகிவிடுகிறது, ஆகவே எந்தத் தரமானாலும் உரியவருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்றது. அதற்குள் அவர் ஓய்வுபெற்றிருந்தார். 2013இல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இந்த நிலைப்பாட்டை உறுதிசெய்தது.

2009 மே மாத ஆணையால் மத்திய அரசு அறிக்கையின் பெயரையே மாற்றியது. ஆங்கிலப் பெயரிலிருந்து கான்ஃபிடென்ஷியல் போய், பெர்ஃபார்மன்ஸ் அசெஸ்மென்ட் வந்தது. முழு அறிக்கையும் அலுவலருக்குக் காட்டப்படும். மறுப்பு இருந்தால் அவர் 15 நாட்களுக்குள் முறையீடு செய்யலாம். பேச்சில் இந்த அறிக்கையை அப்ரைசல் என்றும் சொல்வதுண்டு; அச்சொல்லின் வேர் விலை. வங்கியில் அடகு நகையை உரைத்துப் பார்ப்பவரையும் நாம் அப்ரைசர் என்றுதானே அழைக்கிறோம்! அங்கே நகைக்கு உரியவர் எடையைத் தன் கண்ணாலேயே பார்க்கிறார்; இங்கும் இப்போது அலுவலர் தன் மதிப்பீட்டைப் பார்க்கிறார். எனவே "செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை" என்பதே இன்றைய நடைமுறைக்கு நேரான தமிழ். "மந்தண அறிக்கை" பழைய முறையின் பெயராக நிற்கட்டும்.

பெயர் மாறிய பின்னும் தராசு நுட்பமாகவே இருக்கிறது. மத்திய அரசின் படிவத்தில் பணி நிறைவேற்றத்துக்கு 40 விழுக்காடும், தனிப்பண்புக்கும் பணித்திறனுக்கும் தலா 30 விழுக்காடும் ஒதுக்கப்படுகின்றன. பத்துக்கு, முதல் இரண்டிலும் 6, மூன்றாவதில் 5.5 பெறும் ஒருவருக்கு 2.4, 1.8, 1.65 சேர்ந்து 5.85 வரும். 6 முதல் 8க்குக் குறைவு வரை "மிக நன்று" என்பதால் அவர் "நன்று" என்ற படியிலேயே நின்றுவிடுவார். மூன்றாவது தலைப்பிலும் 6 கிடைத்திருந்தால் கதை வேறு. அந்த அரை மதிப்பெண் ஏன் குறைந்தது என்று முறையீட்டில் கேட்கலாம். அளவிட முடியாத "முடிவெடுக்கும் திறன்" போன்ற தலைப்பில் அது குறைந்திருந்தால் மறுத்து நிறுவுவது கடினம்.

பணியிட மாறுதலும் இங்கேதான் குறுக்கிடுகிறது. குறைந்தது மூன்று மாதமாவது பணியைப் பார்த்த மேலதிகாரிதான் அறிக்கை எழுதலாம். ஏப்ரலில் தொடங்கும் ஆண்டில் ஒருவர் ஜூன் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நவம்பர் நடுவிலும் மாற்றப்பட்டால், முதல் ஏழரை மாதத்துக்கு எழுதத் தகுதியான அதிகாரி எவரும் இல்லை. அக்காலத்துக்கு அறிக்கை இல்லை என்ற சான்று மட்டும் கோப்பில் சேரும். எஞ்சிய நாலரை மாதத்துக்கு ஒரே அதிகாரியின் அறிக்கைதான் அந்த ஆண்டின் முகம். பிடிக்காதவரைப் பந்தாடுவது என்று பேச்சில் சொல்வதன் விலை பயணச் செலவோடு முடிவதில்லை என்பது இதனால்தான். முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்ரமணியன் தொடுத்த வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், பணியிடத்தில் குறைந்தபட்சக் காலம் நிர்ணயிக்குமாறும், வாய்மொழி உத்தரவுகளைப் பதிவு செய்யுமாறும் கூறியது. படிவத்திலோ மாறுதலுக்கான காரணத்தைக் கேட்கும் கட்டம் எதுவும் இல்லை. வந்த தேதியும் போன தேதியும் மட்டுமே அதில் ஏறும்.